நாலு வருஷத்துக்கு ஒரே ரேட்: என்பிவி சரியாகப் பூஜ்யம் ஆகும் அடிமட்ட விலையைக் கண்டுபிடிப்பது எப்படி

குன்னூரில் சின்னதாக லாண்டரி நடத்தும் ஒருவர் போன வருஷம் ஒரு கொட்டேஷனோடு என்னிடம் வந்தார். ஊட்டிப் பக்கத்து ரிசார்ட் ஒன்று தன் படுக்கை விரிப்பு, துண்டு, மேசை விரிப்பு எல்லாவற்றையும் 4 வருஷத்துக்கு வெளியே துவைக்கக் கொடுக்கிறது. கிலோவுக்கு ஒரே ரேட், நடுவில் ஏற்ற முடியாது. அவர் எழுதியிருந்தது ரூ.32.08. வருஷச் செலவு 16 லட்சம், 20 லட்ச ரூபாய் இயந்திரத்தை நாலால் வகுத்து 5 லட்சம், மொத்தம் 21 லட்சம், அதன் மேல் 10% லாபம், வகுத்தல் 72,000 கிலோ. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ரேட்டுக்குக் கிடைத்திருந்தால் இன்றைய மதிப்பில் ரூ.4.35 லட்சம் கையை விட்டுப் போயிருக்கும்.

அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். பின்னால் வரும் பணம், போகும் பணம் எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டிக் கழித்தால் நிற்பது நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்பிவி. தேடுவது ஒரே ஒரு எண்: அந்த என்பிவி கூடுதலும் குறைவும் இல்லாமல் பூஜ்யமாகும் கிலோ விலை. அதற்குக் கீழே எழுதினால் நஷ்டம். மேலே எவ்வளவு எழுதுவது என்பது பேரம், அது வேறு விஷயம்.

## உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இயந்திர விலைப்பட்டியல், ரிசார்ட்டின் கடந்த 12 மாத லினன் பதிவேடு, உங்கள் பழைய கேஸ் மற்றும் கரண்ட் பில்கள், ஒப்பந்த வரைவு. வரைவில் மூன்று இடங்களைக் கோடு போட்டு வையுங்கள்: எத்தனை நாளில் பணம் வரும், டெபாசிட் எவ்வளவு, எடை எப்போது போடப்படும். ஜிஎஸ்டியை இந்தக் கணக்குக்குள் கொண்டு வரவில்லை. ரேட்டுக்கு மேல் தனியாக வசூலாகும், இயந்திரத்துக்குக் கட்டியதும் வரவாகத் திரும்பும் என்று வைத்துக்கொண்டேன்.

## 1. எடையை முதலில் முடிவு செய்யுங்கள்

விலையைக் கடைசியில் எடையால் வகுக்கப் போகிறோம். அங்கே தப்பு நடந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ரிசார்ட் கொடுத்த பதிவேட்டில் வருஷத்துக்கு 80,000 கிலோ என்று இருந்தது. கொட்டேஷன் எழுதும் முன்பே அவர் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்திருந்தார். பாதி துண்டுகள் ஈரம். ஜூலையில் ஊட்டியில் குளியலறைத் துண்டு தானாகக் காயாது, அப்படியே சுருட்டிப் பையில் போடுகிறார்கள். அந்தப் பையை அவர்கள் எடை போட்ட எண்தான் 80,000. ஒப்பந்தமோ துவைத்து, காய்ந்து, மடித்த பிறகு எடை போட்டுப் பில் என்கிறது. நாலைந்து மூட்டைகளை இரண்டு விதமாகவும் எடை போட்டுப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். அதனால் கணக்குக்கு 72,000 கிலோ.

## 2. இன்றைக்கே வெளியே போகும் பணம்

30 கிலோ வாஷர், இரண்டு டிரையர், விரிப்பு தேய்க்கும் ரோலர், மின் இணைப்பு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ரூ.20 லட்சம். கொடியில் காய வைத்துச் சமாளிக்கலாம் என்று டிரையரை ஒன்றாகக் குறைக்கப் பார்த்தார். ஊட்டிக்கு ஜூன், ஜூலையில் மழை, குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில் மழை. லினன் அங்கே ஈரமாகும், இங்கே காயாது. இரண்டு டிரையர் வேண்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் பணம். ரிசார்ட் 60 நாள் கழித்துத்தான் பில்லுக்குப் பணம் தரும். அந்த இரண்டு மாதமும் கூலி, கேஸ், சோப்பு எல்லாம் நம் பையிலிருந்து. முதல் வருஷச் செலவில் ஆறில் ஒரு பங்கு ரூ.2.67 லட்சம். பின்னால் ஏறுவதையும் பார்த்து ரூ.3 லட்சம் என்று வைத்தேன். இதை விற்பனைத் தொகையில் ஆறில் ஒன்றாக எடுக்கவில்லை. முடங்குவது நாம் செலவழித்த பணம்தானே, வராத லாபம் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: விற்பனையில் எடுத்தால், இன்னும் தெரியாத விலை இந்த எண்ணுக்குள்ளும் வந்து உட்காரும்.

அப்புறம் ரூ.1 லட்சம் வட்டியில்லா டெபாசிட். ஆக நடைமுறை முதல் 4 லட்சம், மொத்தம் இன்றைக்கு 24 லட்சம்.

சேர்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. மாதிரிக்குத் துவைத்துக் காட்ட அவர் ஏற்கெனவே சில ஆயிரம் செலவழித்திருந்தார். அதைக் கணக்கில் போட வேண்டும் என்று நின்றார். ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது போன பணம். இன்றைய முடிவு அதை மாற்றாது, அதனால் விலைக்குள் வராது.

## 3. வருஷச் செலவை ஏற்றத்தோடு எழுதுங்கள்

செலவை இரண்டாகப் பிரிப்பது அவசியம். காரணம் 9-ம் படியில் தெரியும்.

எடையோடு ஏறுவது கிலோவுக்கு ரூ.11: கேஸ், கரண்ட் 8, சோப்பு வகை 3. கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் கேஸ் கணக்கை இங்கே எடுக்காதீர்கள். நம் குழாயில் வரும் தண்ணீர் குளிர்ந்தது, அதே சூட்டுக்குக் கொண்டுவர அதிக கேஸ் எரியும். உங்கள் சொந்தக் கடையில் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு எத்தனை கிலோ துணி போகிறது என்று இரண்டு வாரம் எழுதி வைத்தால் போதும். 72,000 கிலோவுக்கு இது ரூ.7.92 லட்சம்.

எடை குறைந்தாலும் குறையாதது ரூ.8.08 லட்சம்: மூன்று பேர் கூலி 5.40, குன்னூர்–ஊட்டி வண்டி வாடகை 1.80, பராமரிப்பு 0.88. மூன்று பேரில் ஒருவர் அவருடைய மச்சான். ‘அவனுக்கு எதுக்குண்ணா கூலி, வீட்டு ஆள்தானே’ என்றார். இங்கே வராவிட்டால் மச்சான் வேறு இடத்தில் மாதம் 15,000 வாங்குவார். எழுதத்தான் வேண்டும்.

ஆக முதல் வருஷம் 16 லட்சம். இது வருஷத்துக்கு 6% ஏறும் என்று எடுத்தோம்: 16.00, 16.96, 17.98, 19.06 லட்சம். ரேட் நாலு வருஷமும் அசையாது, செலவு அசையும். முதல் வருஷச் செலவையே நாலு முறை எழுதியிருந்தால் அடிமட்ட விலை கிலோவுக்கு ரூ.1.84 குறைவாக வந்திருக்கும். அவர் கணக்கிலிருந்த ஓட்டைகளில் இது பெரியது.

## 4. விகிதம் ஒன்று, ஒரே ஒரு முறை

போடும் பணத்துக்கு வருஷம் 15% வேண்டும் என்று வைத்தோம். கடனும் சொந்தப் பணமும் கலந்த எதிர்பார்ப்பு அது. என்பிவி பூஜ்யம் என்றால் லாபமே இல்லை என்று பொருளல்ல. போட்ட பணம் 15 சதவீதத்தோடு திரும்பி வருகிறது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் வங்கி வட்டியைச் செலவுப் பட்டியலில் எழுதக் கூடாது. 15 சதவீதத்துக்குள் வட்டி அடங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் வைத்தால் விலை தேவையில்லாமல் ஏறி, ஒப்பந்தம் பக்கத்துக் கடைக்குப் போகும்.

15 சதவீதத்தில், வருஷக் கடைசியில் வரும் ஒரு ரூபாயை வருஷத்துக்கு ஒரு முறை 1.15-ஆல் வகுத்தால் அதன் இன்றைய மதிப்பு வரும்: முதல் வருஷத்துக்கு 0.8696, பிறகு 0.7561, 0.6575, 0.5718. நாலும் சேர்ந்து 2.8550. இந்தக் கடைசி எண்ணை ஓரமாக எழுதி வையுங்கள்.

## 5. வரியும் தேய்மானமும்

அவருடையது பங்குதாரர் நிறுவனம். வரி 30%, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%. நூறு ரூபாய் வந்தால் கையில் நிற்பது 68.80. செலவுக்கும் அப்படியே: நூறு செலவழித்தால் நிஜத்தில் போவது 68.80 தான். மற்ற கிளையில் லாபம் இருப்பதால் எந்த வருஷமும் இந்தச் சலுகை வீணாகாது. வேறு வருமானமே இல்லாதவர் நஷ்ட வருஷத்தில் இதை இப்படி எழுத முடியாது.

தேய்மானம் கையை விட்டுப் போகும் பணம் இல்லை. ஆனால் வரியைக் குறைக்கும், அந்த மிச்சம் நிஜப் பணம். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்கு 15%, குறைந்து வரும் மதிப்பின் மேல். அதனால் 20 லட்சத்தை நாலால் வகுத்து 5 லட்சம் என்று போடுவது வரிக் கணக்கில் நிற்காது. வருவது 3.00, 2.55, 2.17, 1.84 லட்சம். ஒவ்வொன்றிலும் 31.2% எடுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மொத்தம் ரூ.2.19 லட்சம்.

ஒப்பந்தம் ஏப்ரல் 1-ல் தொடங்குவதால் முதல் வருஷத் தேய்மானம் முழுசாகக் கிடைக்கிறது. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக இயந்திரம் ஓடினால் பாதிதான். அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஒப்பந்தத்துக்கு இதே பட்டியலைக் காப்பி அடிக்காதீர்கள்.

## 6. ஒப்பந்தம் முடிந்த பிறகு திரும்பி வருவது

நடைமுறை முதல் 4 லட்சமும் அப்படியே திரும்பும். இதற்கு வரி இல்லை, அது நம் பணம். ஆனால் நாலு வருஷம் கழித்து வரும் 4 லட்சம் இன்றைக்கு 2.29 லட்சம்தான். நிகரமாக 1.71 லட்சம் போகிறது. இதை மறந்தால் கிலோவுக்கு ரூ.1.21 அடிபடும்.

இயந்திரங்கள் 6 லட்சத்துக்குப் போகும் என்றார். இன்றைய மதிப்பில் 3.43 லட்சம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நாலு வருஷம் கழித்து வரிப் புத்தகத்தில் இயந்திர மதிப்பு 10.44 லட்சம் நிற்கும். 6-க்கு விற்றால் 4.44 லட்சம் நஷ்டம், அதில் 31.2 சதவீதத்தை உடனே வரியில் கழிக்கலாம் என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் எழுதுவார்கள். நம் சட்டத்தில் ஒரே விகித இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பு. பழைய கடையின் இயந்திரங்கள் அந்தத் தொகுப்பில் இன்னும் இருப்பதால், விற்ற 6 லட்சம் தொகுப்பிலிருந்து கழியும், அவ்வளவுதான். மீதி 4.44 லட்சம் பின்னால் வரும் வருஷங்களிலும் 15% வீதம் தேய்ந்துகொண்டே போகும்.

முடிவில்லாமல் தேயும் அந்தச் சலுகையின் மதிப்புக்குச் சின்ன வழி உண்டு:

```
4.44 × 0.312 × 0.15 / (0.15 + 0.15) = 0.69
```

வகுக்கும் இடத்தில் முதல் 0.15 தேய்மான விகிதம், இரண்டாவது நம் எதிர்பார்ப்பு. நாலாம் வருஷக் கடைசியில் 0.69 லட்சம், இன்றைக்கு 0.40 லட்சம். தொகுப்பில் வேறு இயந்திரமே இல்லாதவருக்கு இது பொருந்தாது. அவருக்கு அது குறுகிய கால மூலதன நஷ்டம், தொழில் லாபத்தில் கழிக்க முடியாது. அவர் இந்த 0.40-ஐ அடித்துவிட வேண்டும்.

## 7. விலையைத் தவிர மற்றதை ஒரே எண்ணாக்குங்கள்

செலவின் இன்றைய மதிப்பு 49.45 லட்சம், வரி போக 34.02. இப்போது எல்லாம் ஒரு பக்கம், லட்சத்தில்:

| விவரம் | இன்றைய மதிப்பு |
|---|---|
| இயந்திரம் | 20.00 |
| நடைமுறை முதல், நிகரம் | 1.71 |
| வரி போகச் செலவு | 34.02 |
| தேய்மானச் சலுகை | −2.19 |
| மீதித் தொகுப்பின் சலுகை | −0.40 |
| இயந்திர விற்பனை | −3.43 |
| வசூல் ஈடுகட்ட வேண்டியது | 49.72 |

சில்லறை சேர்த்துச் சரியாகச் சொன்னால் ரூ.49,72,149. நீங்கள் போடும்போது இடையில் ரவுண்டு செய்யாதீர்கள், கடைசியில் மட்டும்.

இனிப் பின்னோக்கி நடக்கலாம். வசூல் நாலு வருஷமும் ஒன்றே என்பதால் 2.8550 இங்கே பயன்படுகிறது. 49.7215-ஐ அதனால் வகுத்தால் வருஷத்துக்கு வரி போக 17.4157 லட்சம் வேண்டும். அதை 0.688-ஆல் வகுத்தால் வரிக்கு முன் 25.3135 லட்சம். 72,000 கிலோவால் வகுத்தால் ரூ.35.16.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகப் போடுபவர்கள் 17.42 லட்சத்தையே 72,000-ஆல் வகுத்து 24 ரூபாய் சொச்சம் என்று எழுதிவிடுவார்கள். வரி கட்டுவதற்கு முந்தைய தொகைதான் பில்லில் எழுதும் தொகை.

## 8. முன்னோக்கிப் போட்டுச் சரிபாருங்கள்

பின்னோக்கி வந்த விலையை வைத்து வருஷவாரியாக எழுதினால் 24 லட்சம் திரும்பி வர வேண்டும். வருஷப் பணவரவு என்பது வசூலில் செலவைக் கழித்து, 0.688-ஆல் பெருக்கி, தேய்மானச் சலுகையைக் கூட்டியது. முதல் வருஷம் 7.34, பிறகு 6.54, 5.72, 4.88 லட்சம். நாலாம் வருஷத்தில் திரும்பி வரும் 4, 6, 0.69 மூன்றையும் சேர்த்தால் 15.57. இன்றைய மதிப்பில் 6.39, 4.95, 3.76, 8.90. கூட்டினால் 24.00.

ஷீட்டில் போடுபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. `NPV` என்ற ஃபார்முலா முதல் எண்ணையே ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுக்கும். இன்றைய 24 லட்சத்தை அதற்குள் போட்டால் அதுவும் 1.15-ஆல் வகுபடும். அதை வெளியே வையுங்கள்:

```
=B9+NPV(0.15,C9:F9)
```

`B9`-ல் −24 லட்சம், `C9` முதல் `F9` வரை நாலு வருஷம். பிறகு எக்செல்லில் `Goal Seek` திறந்து, `Set cell`-ல் இந்த ஃபார்முலா உள்ள கட்டம், `To value`-வில் 0, `By changing cell`-ல் கிலோ விலை. லட்சத்தில் இல்லாமல் ரூபாயிலேயே ஷீட்டை வையுங்கள். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தாலே அது நின்றுவிடும், லட்சத்தில் அந்தக் கொஞ்சம் நூறு ரூபாயாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. விலை 0 என்று போட்டு என்பிவி பாருங்கள்: −49.72 லட்சம். விலை 1 என்று போடுங்கள்: −48.31. ஒரு ரூபாய்க்கு 1.4142 லட்சம் ஏறுகிறது. 49.7215 ÷ 1.4142, அதே 35.16. விலைக்கும் என்பிவிக்கும் நேர்கோட்டு உறவு இருப்பதால் இது பலிக்கிறது. பேரம் பேசும்போதும் இந்த 1.41 உதவும். ரிசார்ட்டின் மேனேஜர் ‘ஒரு ரூபாய் குறைங்க’ என்றால், அவர் கேட்பது இன்றைய மதிப்பில் 1.41 லட்சம்.

பைசாவை எப்போதும் மேலே ரவுண்டு செய்யுங்கள். சரியான விடை 35.1577. 35.16 என்றால் முந்நூறு ரூபாய் சொச்சம் மிச்சம், 35.15 என்றால் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் நஷ்டம்.

## 9. எடையைக் குறைத்து மறுபடி ஒரு முறை

ரேட்டை எழுதிக் கொடுக்கும் முன் 60,000 கிலோவுக்கு இதே கணக்கைப் போட்டோம். நீலகிரியில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025-ல் சீசன் மாதங்களுக்கு, ஊட்டி பக்கம் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அறை காலியாக இருந்தால் விரிப்பு அழுக்காகாது.

எடை 12,000 கிலோ குறைந்தால் கிலோவுக்கு 11 ரூபாய்ச் செலவும் குறைகிறது, முதல் வருஷத்தில் 1.32 லட்சம். கூலி, வண்டி, இயந்திரம் அப்படியே நிற்கின்றன. பூஜ்ய விலை ரூ.39.81 ஆகிறது. 35.16-க்கே ஒப்புக்கொண்டிருந்தால் என்பிவி −5.48 லட்சம். செலவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது இதற்குத்தான். மொத்தச் செலவையும் எடையோடு சுருக்கியிருந்தால் இந்த அடி கண்ணிலேயே பட்டிருக்காது.

இதை விலையில் ஏற்றி 39.81 என்று கேட்டால் ஒப்பந்தம் கிடைக்காது. அதனால் ரேட்டோடு ஒரு வரி சேர்த்தோம்: வருஷத்துக்குக் குறைந்தது 72,000 கிலோவுக்கான தொகை, லினன் வந்தாலும் வராவிட்டாலும். ரிசார்ட் 66,000-க்குத்தான் ஒப்புக்கொண்டது. மறுபடி உட்கார்ந்து 66,000 கிலோவுக்குப் போட்டோம், 37 ரூபாய் 27 பைசா வந்தது. அவர் 38.50 எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.